நாளை வரும் ரொக்கத்துக்கு இன்று என்ன விலை?

காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொப்பரை உலர்த்தும் களம், எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர்கள், வடிகட்டும் இயந்திரம், பல ஆண்டுகளாகச் சரக்கெடுக்கும் வியாபாரிகள் எல்லாம் இருக்கிறார்கள். உரிமையாளர் 7 கோடி கேட்கிறார். இயந்திரங்களைப் பழைய விலைக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு வராது. அவர் விற்பது இரும்பை மட்டும் அல்ல. இனி ஆண்டுதோறும் அந்த ஆலை ஈட்டப்போகும் பணத்தையும் சேர்த்துத்தான் விற்கிறார். இன்னும் வராத அந்தப் பணத்துக்கு இன்று எவ்வளவு கொடுக்கலாம்?

இதற்கு விடை தேடும் முறைதான் டிஸ்கவுன்டட் கேஷ் ஃப்ளோ. ஆடிட்டர்களும் முதலீட்டாளர்களும் சுருக்கமாக டி.சி.எஃப். என்பார்கள். ஒரு சொத்தின் மதிப்பு, அது எதிர்காலத்தில் தரப்போகும் ரொக்கத்தின் இன்றைய மதிப்பே என்ற கருத்தை ஜான் பர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் 1938இல் வெளிவந்த தம் நூலில் முறைப்படி எழுதிவைத்தார். பங்குச் சந்தை ஆய்வறிக்கை முதல் பெரிய நிறுவனங்களின் கைமாற்றம் வரை இன்று இதே கணக்குதான் ஓடுகிறது.

லாபம் வேறு, கைக்கு வரும் ரொக்கம் வேறு

கணக்கின் முதல் படி, அடுத்த ஆண்டு ஆலையிலிருந்து உண்மையில் எவ்வளவு பணத்தை வெளியே எடுக்க முடியும் என்று கண்டுபிடிப்பது. உரிமையாளர் 95 லட்சம் லாபம் வரும் என்கிறார். ஆனால் அவரும் அவர் மகனும் நாள் முழுக்க ஆலையில் நிற்கிறார்கள், சம்பளம் எடுத்துக்கொள்வதில்லை. நாளை நாம் வாங்கினால் அந்த இடத்தில் ஆள் போட வேண்டும். அதற்கு 15 லட்சம் கழித்தால் மிஞ்சுவது 80 லட்சம். குடும்பத் தொழில்களை மதிப்பிடும்போது அடிக்கடி விட்டுப்போகும் கழிவு இது. நிலமும் அப்படித்தான். சொந்த நிலத்தில் நிற்கும் ஆலைக்கு வாடகைச் செலவு தெரியாது. வாடகையைக் கழித்துத் தொழிலைத் தனியாகவும் நிலத்தைத் தனியாகவும் மதிப்பிட வேண்டும். நம் ஆலை குத்தகை நிலத்தில் நிற்கிறது, வாடகை ஏற்கெனவே செலவில் சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம்.

80 லட்சத்தில் கால் பங்கு வரிக்குப் போனால் 60 லட்சம். இதில் தேய்மானத்துக்காக எழுதிய 15 லட்சத்தைத் திரும்பச் சேர்க்கலாம், ஏனென்றால் அது ஏட்டில் எழுதிய செலவு, இந்த ஆண்டு யாருக்கும் கொடுத்த பணம் இல்லை. ஆனால் தேய்ந்ததை மாற்றவும் கொஞ்சம் விரிவாக்கவும் புதிய இயந்திரங்களுக்கு 20 லட்சம் வேண்டும். வியாபாரம் வளர வளர, கூடுதல் கொப்பரை இருப்பிலும் வியாபாரிகளுக்குக் கொடுக்கும் கடனிலும் பணம் முடங்கும். அதற்கு 5 லட்சம். ஆக, 60, 15 இரண்டையும் கூட்டி, 20, 5 இரண்டையும் கழித்தால் கைக்கு வருவது 50 லட்சம். 95 லட்சம் என்று தொடங்கிய பேச்சு 50 லட்சத்தில் வந்து நிற்கிறது. வங்கி வட்டியை நாம் இதில் கழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடனைக் கடைசியில் மொத்தமாகக் கழிக்கப்போகிறோம்.

தள்ளுபடி விகிதம்

வங்கியில் 7% வட்டிக்கு 100 ரூபாய் போட்டால் ஓராண்டில் 107 ரூபாய். இதையே திருப்பிச் சொன்னால், ஓராண்டு கழித்து வரும் 107 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய். டி.சி.எஃப். கணக்கு முழுவதும் இந்தத் தலைகீழ்க் கூட்டு வட்டிதான்.

ஆனால் எண்ணெய் ஆலைக்கு வங்கி வட்டியை வைக்க முடியாது. கொப்பரை விலை ஏறி இறங்கும். ஒரே பொருள், ஒரே ஊர். அவசரத்துக்கு விற்க நினைத்தாலும் ஆள் கிடைப்பது கடினம். இவ்வளவு ஆபத்தை ஏற்கும் ஒருவர் தன் சொந்தப் பணத்துக்கு 18% எதிர்பார்க்கிறார் என்போம். வங்கிக் கடன் மலிவு. வட்டிக்குக் கிடைக்கும் வரிச்சலுகை போக அதன் உண்மைச் செலவு 8% என்று கொள்வோம். ஆலைக்குப் போட்ட பணத்தில் 70% சொந்தப் பணம், 30% கடன் என்றால், இரண்டையும் அந்தந்தப் பங்கில் கலந்தால் 15% வருகிறது. இதுதான் தள்ளுபடி விகிதம்.

15% விகிதத்தில், 5 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 50 ரூபாய். 20 ஆண்டு கழித்து வருவதென்றால் வெறும் 6 ரூபாய். தூரத்தில் இருக்கும் பணம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதை இது காட்டுகிறது.

கூட்டிப் பார்த்தால்

முதலாண்டில் 50 லட்சம், பிறகு ஆண்டுக்கு 8% வளர்ச்சி என்று வைத்தால், ஐந்தாம் ஆண்டில் ரொக்கம் 68 லட்சமாகிறது. ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் முதலாண்டின் 50 லட்சம் 43.5 லட்சமாகவும், ஐந்தாம் ஆண்டின் 68 லட்சம் சுமார் 34 லட்சமாகவும் சுருங்குகின்றன. ஐந்தையும் கூட்டினால் 1 கோடியே 92 லட்சம்.

ஆலை ஐந்து ஆண்டோடு நின்றுவிடாது. அதன்பின் என்றென்றும் வரும் ரொக்கத்தை ஒரே எண்ணில் அடக்குவதற்கு இறுதி மதிப்பு என்று பெயர். ஆறாம் ஆண்டிலிருந்து வளர்ச்சி 5% ஆகக் குறைகிறது என்று கொண்டு, ஆறாம் ஆண்டின் ரொக்கத்தைத் தள்ளுபடி விகிதத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். ஆறாம் ஆண்டு 71.4 லட்சம், 15இல் 5 போனால் 10%, எனவே 7 கோடியே 14 லட்சம். ஆனால் இது ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவந்தால் 3 கோடியே 55 லட்சம்.

இரண்டையும் சேர்த்தால் ஆலையின் மதிப்பு ஏறத்தாழ 5 கோடியே 48 லட்சம். வங்கிக் கடன் 1 கோடியே 60 லட்சம் இருந்தால், அதைக் கழித்த 3 கோடியே 88 லட்சம்தான் உரிமையாளரின் பங்கு.

எங்கே ஏமாறுகிறோம்

மொத்த மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நாம் ஆண்டாண்டாகக் கணக்குப் போடாத தூரத்து எதிர்காலத்திலிருந்து வந்திருக்கிறது. அந்த இடத்தில் சிறிது கை வைத்தாலும் விடை பெரிதாக மாறும். தள்ளுபடி விகிதத்தை 13%, நீண்டகால வளர்ச்சியை 6% என்று மாற்றிப் பாருங்கள், மதிப்பு 7 கோடியே 62 லட்சம். 17%, 4% என்று வைத்தால் 4 கோடியே 31 லட்சம். இரண்டு எண்களும் பார்வைக்கு நியாயமானவை. கடனைக் கழித்த பிறகு உரிமையாளரின் பங்கு ஒன்றில் 6 கோடிக்குச் சற்று மேல், மற்றொன்றில் 2 கோடியே 71 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

அதனால் நீண்டகால வளர்ச்சிக்கு ஓர் உச்சவரம்பு அவசியம். எந்த நிறுவனமும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றும் வளர முடியாது. வளர்ந்தால் ஒரு கட்டத்தில் நிறுவனம் நாட்டைவிடப் பெரிதாகிவிடும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4% என்ற நிலையில், விலைவாசியோடு சேர்ந்து ஒரு சிற்றாலை 5% வளர்வதே தாராளமான கணிப்பு.

இன்னொரு தவறு அறிக்கைகளில் அடிக்கடி ஒளிந்திருக்கும். வளர்ச்சியை 8 இலிருந்து 12% ஆக்குவார்கள், ஆனால் இயந்திரச் செலவையும் கொப்பரை இருப்பையும் பழைய அளவிலேயே விட்டுவிடுவார்கள். கூடுதல் எண்ணெய் பிழியக் கூடுதல் எக்ஸ்பெல்லர் வேண்டும். வளர்ச்சி வரிசை ஏறியும் முதலீட்டு வரிசை அசையாமல் இருந்தால் அந்த அறிக்கையை நம்ப வேண்டாம்.

அனுமானம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு ஊபர் நல்ல சான்று. 2014 ஜூனில் முதலீட்டாளர்கள் அந்த நிறுவனத்துக்கு 1,700 கோடி டாலர் மதிப்பு வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியருமான அஸ்வத் தாமோதரன் அதே மாதம் டி.சி.எஃப். போட்டு, சுமார் 590 கோடி டாலர் என்றார். உலக டாக்ஸிச் சந்தை 10,000 கோடி டாலர், அதில் 10% ஊபருக்குக் கிடைக்கும் என்பது அவர் அனுமானம். ஊபரில் முதலீடு செய்திருந்த பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் பில் கர்லி மறுத்தார். வண்டி எளிதில் கிடைத்தால் டாக்ஸியே எடுக்காதவர்களும் எடுப்பார்கள், சிலர் சொந்தக் கார் வாங்குவதையே விடுவார்கள், ஆகவே சந்தையின் அளவே வேறு என்பது அவர் வாதம். 2019 மேயில் ஊபர் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு 7,500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. தாமோதரன் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. எந்தச் சந்தையில் அந்த நிறுவனம் ஓடுகிறது என்ற தொடக்க அனுமானமே விடையைத் தீர்மானித்தது. தம் அனுமானங்கள் அனைத்தையும் அவர் வெளிப்படையாக வைத்ததால்தான், எந்த இடத்தில் மாறுபடுகிறோம் என்று கர்லியால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

விலை முன்னமே தெரிந்திருக்கும்போது டி.சி.எஃப். இன்னும் நன்றாகப் பயன்படும். உரிமையாளர், கடனையும் சேர்த்து, ஆலைக்கு 7 கோடி கேட்கிறார். தள்ளுபடி விகிதம் 15%, நீண்டகால வளர்ச்சி 5% என்பதை மாற்றாமல், 7 கோடி நியாயமாக வேண்டுமென்றால் முதல் ஐந்தாண்டில் எவ்வளவு வளர வேண்டும் என்று தேடினால், ஆண்டுக்கு 16%க்குச் சற்று மேல் என்று வருகிறது. அதாவது நாம் எண்ணியதைப்போல் இரண்டு மடங்கு. இப்போது பேரம் பேச ஒரு தெளிவான கேள்வி கிடைத்துவிட்டது: இத்தனை எண்ணெயை யார் வாங்குவார்கள், அதற்கான கொப்பரை எங்கிருந்து வரும்? பங்கு ஒன்றை வாங்க நினைப்பவரும் சந்தை விலையை வைத்து இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஒரு மதிப்பீட்டு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்து விலையை முதலில் பார்க்காதீர்கள். உரிமையாளரின் உழைப்புக்குச் சம்பளம் கழித்திருக்கிறார்களா, வளர்ச்சிக்கேற்ற முதலீடு இருக்கிறதா, மொத்த மதிப்பில் இறுதி மதிப்பின் பங்கு எவ்வளவு, வளர்ச்சியும் தள்ளுபடி விகிதமும் ஒன்றிரண்டு சதவீதம் நகர்ந்தால் விலை எங்கே போகிறது என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் பதில் இல்லாத அறிக்கையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.