தவணைப் பணம் எங்கிருந்து வருகிறது?

சிறுதொழிலுக்கான வங்கிக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது, 'போதிய ஈடு இல்லை' என்பதே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். கடன் பரிசீலனைப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. பெரும்பாலான விண்ணப்பங்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகின்றன. ஒன்று, ஒரே தொழிலின் வருமானம் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவது. மற்றொன்று, தவணை கட்டப்போகும் பணத்தின் ஊற்று தெரியாமல் இருப்பது. இவற்றில் முதலாவது பல நேரங்களில் குற்றமே அல்ல. இரண்டாவதைத்தான் எளிதில் கடந்து போகக் கூடாது.

அடையாளங்களைத் தவிர்த்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பகுதியில் இயந்திர உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறை. கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் வாங்க ரூ.20 லட்சம் கடன் கேட்கிறார் உரிமையாளர். விண்ணப்பத்தில் ஆண்டு விற்பனை ரூ.96 லட்சம், நிகர லாபம் ரூ.12 லட்சம் என்கிறார். அதே ஆண்டுக்கான ஜிஎஸ்டி படிவங்களில் விற்பனை ரூ.62 லட்சம். வருமான வரிக் கணக்கிலும் அதே ரூ.62 லட்சம், வருமானமோ ரூ.4.96 லட்சம்.

மேலோட்டமாகப் பார்த்தால் ரூ.34 லட்சம் பொய்யாகத் தோன்றும். ஆனால், ரூ.96 லட்சம் என்பது கற்பனை எண் அல்ல. அவரது நடப்புக் கணக்கில் அந்த ஆண்டு வரவான மொத்தத் தொகை அது. வங்கிக் கணக்கில் வருவதெல்லாம் விற்பனை என்று அவர் கருதிவிட்டார். எனவே, அந்தத் தொகையைப் பகுத்துப் பார்ப்பதே பரிசீலனையின் முதல் வேலை.

ஜிஎஸ்டி படிவத்தில் உள்ள விற்பனை வரி நீங்கலானது. வாடிக்கையாளரோ 18 சதவீத வரியையும் சேர்த்தே பணம் அனுப்புகிறார். ஆகவே, ரூ.62 லட்சம் விற்பனைக்கு வங்கியில் ஏறத்தாழ ரூ.73 லட்சம் வரவாகும். மீதி ரூ.23 லட்சத்தில் ரூ.11 லட்சம் அவரது சேமிப்புக் கணக்கிலிருந்து நடப்புக் கணக்குக்கு அவரே மாற்றிக்கொண்டது. ஒரே பணம் இரு முறை எண்ணப்பட்டிருக்கிறது. மேலும் ரூ.5 லட்சம், ஆயுள் காப்பீட்டின் முதிர்வுத் தொகை. அது மறு ஆண்டு வராது. இவ்வளவும் கழிந்த பின் எஞ்சுவது ரூ.7 லட்சம். அது முழுவதும் ரொக்கமாகச் செலுத்தப்பட்டது.

லாபக் கணக்கு வேறு வகை. வருமான வரிச் சட்டத்தின் உத்தேச வருமான முறையில், சிறு வணிகர் விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்டினால் போதும். விரிவான கணக்குப் புத்தகங்கள் தேவையில்லை. இவர் 8 சதவீதம் காட்டியிருக்கிறார். 'உண்மையான லாபம் ரூ.12 லட்சம்' என்று வங்கியிடம் சொன்னால், வரித் துறையிடம் குறைத்துச் சொன்னதாகப் பொருள்படும். வங்கி அதிகாரி, கையொப்பமிட்டுத் தாக்கல் செய்யப்பட்ட எண்ணையே எடுத்துக்கொள்வார். வரிக்கு ஓர் எண், கடனுக்கு ஓர் எண் என்று இரண்டின் பயனையும் ஒருவர் பெற முடியாது.

இனித் தவணைக்கு வருவோம். ரூ.20 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைக்க, மாதத் தவணை சுமார் ரூ.43,500. அவர் காட்டிய வருமானம் மாதத்துக்கு ரூ.41,300. அதில் ஏற்கெனவே உள்ள வாகனக் கடனுக்கு ரூ.18,000 போகிறது. குடும்பச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும் எஞ்சுவது தவணையில் பாதிக்குச் சற்று மேல்தான். 'மீதியை எப்படிக் கட்டுவீர்கள்?' என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் இருந்த விடை இரண்டே சொற்கள்: 'குடும்ப ஆதரவு'.

இந்த இடத்தில்தான் அந்த ரூ.7 லட்சம் ரொக்கம் முக்கியமாகிறது. அத்தகைய பணம் மூன்றில் ஒன்றாகவே இருக்க முடியும். ரசீது இல்லாத விற்பனையாக இருந்தால், வரித் துறை கண்டுபிடிக்கும் நாளில் வரியும் வட்டியும் அபராதமும் சேர்ந்து தொழிலின் கையிருப்பைத் துடைத்துவிடும். வெளிக்கடனாக இருந்தால், அது வருமானமே அல்ல, மறைந்திருக்கும் சுமை. ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. மூன்றாவதாக, உண்மையான வேறொரு வருமானமாக இருக்கலாம். அப்படியானால் அதற்குப் பெயரும் சான்றும் தொடர்ச்சியும் இருக்கும்.

எது என்பதைக் கணக்கு அறிக்கையின் தேதிகளே சொல்லிவிடும். இவர் கணக்கில் மாதந்தோறும் 3 அல்லது 4-ஆம் தேதி ரொக்கம் செலுத்தப்பட்டது. 5-ஆம் தேதி வாகனக் கடன் தவணை பிடிக்கப்பட்டது. திங்கள்கிழமைதோறும் ரூ.10,000 யுபிஐ மூலம் ஒரே நபருக்குச் சென்றது. ரொக்கம் மொத்தமாக வருவதும், பணம் வாரந்தோறும் சமத் துண்டுகளாக வெளியேறுவதும் வாரத் தவணைக் கடனின் அடையாளம். தனியாரிடம் வாங்கும் இத்தகைய கடன், கடன் தகவல் நிறுவன அறிக்கையில் தென்படாது.

நேரில் கேட்டபோது விவரம் தெளிவானது. ரூ.7 லட்சத்தில் ரூ.2.4 லட்சம், தாயார் பெயரிலுள்ள வீட்டின் வாடகை, மாதம் ரூ.20,000 வீதம் ரொக்கமாக வந்தது. மீதி ரூ.4.6 லட்சம் வாரத் தவணைக் கடன். காரணம் நஷ்டம் அல்ல. அவரிடம் சரக்கு வாங்குவோர் பணம் தருவதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டனர். அதுவரை கூலிக்கும் தவணைக்கும் அவர் வெளியில் கடன் வாங்கியிருக்கிறார். அதற்காக ஓராண்டில் திருப்பித் தந்தது சுமார் ரூ.5.2 லட்சம்.

ஆக, அவருக்கு உடனடித் தேவை புதிய இயந்திரம் அல்ல, நடைமுறை மூலதனம். சிறுதொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனக் கடன் வழங்கலாம் என்பது நாயக் குழு பரிந்துரைத்த, வங்கிகள் பின்பற்றும் அளவுகோல். ரூ.62 லட்சத்துக்கு அது ரூ.12.4 லட்சம். அவருக்கு ரூ.8 லட்சம் வரம்பு பரிந்துரைக்கப்பட்டது. முழுவதையும் பயன்படுத்தினாலும் 11 சதவீதத்தில் மாத வட்டி சுமார் ரூ.7,300. தாயார் இணை விண்ணப்பதாரராக வேண்டும், வாடகை இனி வங்கி வழியே வர வேண்டும், வாரக் கடன் முடிக்கப்பட வேண்டும் என்பவை நிபந்தனைகள். இயந்திரக் கடன் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது.

கேட்ட ரூ.20 லட்சத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாரக் கடன் பெருகி, சில மாதங்களில் தவணை நின்றிருக்கும். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக் கடன் ஆகும். வீட்டை ஈடு வைத்திருந்தால், நீதிமன்றம் செல்லாமலேயே அதைக் கையகப்படுத்த சர்பாசி சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. வங்கிக்கு அது ஏட்டில் ஒரு வரி; அவருக்கோ குடியிருக்கும் வீடு.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. வங்கிக்கே வராமல் ரொக்கத்திலேயே சுழலும் வியாபாரத்தைக் கணக்கு அறிக்கை காட்டாது. அங்கு மின் கட்டண ரசீதையும் கொள்முதல் சீட்டுகளையும் பட்டறையில் உள்ள சரக்கையும் நேரில் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

விண்ணப்பிப்பவர்கள் இந்தப் பகுப்பாய்வைத் தாங்களே முன்கூட்டிச் செய்துவிடலாம். ஆவணங்களின் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி இணைத்தால் போதும். அக்குறிப்பில் விற்பனை அல்லாத வரவுகளைத் தனியே காட்ட வேண்டும். தவணைப் பணம் யாரிடமிருந்து, எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு வரும் என்பதைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வரியை எழுத முடியாமல் பேனா நிற்குமானால், கடன் தொகையைக் குறைக்க வேண்டிய இடம் அதுவே.