வீட்டுக் கடனும் வருமான வரியும்: பாங்கு தரும் சான்றிதழைப் படிக்கும் முறை

காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மூத்த அங்கத்தினர் ஒருவர், இப்போது சிட்லபாக்கத்தில் தம் மகனோடு வசித்து வருகிறார். சென்ற ஆண்டு அவர் ஒரு கடன் கணக்குப் புத்தகத்துடன் என்னைக் காண வந்தார். "ஐயா, பையன் வீட்டுக் கடனுக்கு மாதம் ரூ. 21,696 கட்டுகிறான். ஆண்டுக்கு இரண்டு லட்சத்து அறுபதினாயிரம் ஆகிறது. இவ்வளவையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தானே வரி?" என்று கேட்டார். இதே கேள்வியைப் பல சங்கங்களில் அங்கத்தினர்கள் கேட்டிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு விவசாய வருமானமே உண்டு. அதற்கு வருமான வரி இல்லை. ஆயினும் நம் பிள்ளைகள் உத்தியோகம் பார்த்து, கடன் வாங்கி வீடு கட்டுகிறார்கள். ஆகவே அந்தப் பெரியவருக்குச் சொன்ன விவரத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கணக்கு 2025–26 நிதியாண்டுக்கு உரியது.

முதலில் அறியவேண்டியது, தவணைத் தொகை ஒன்றாக இருந்தாலும் வரிச் சட்டத்தின் பார்வையில் அது இரண்டு என்பதாகும். ஒரு பகுதி வட்டி, மற்றது அசல். வட்டியை வீட்டு வருமானக் கணக்கில் கழிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அதற்குரியது 24ஆம் பிரிவு. அசலைப் பிராவிடண்டு நிதி, ஆயுள் இன்ஷூரன்ஸ் முதலிய சேமிப்புகளோடு சேர்த்து 80சி பிரிவில் கழிக்க வேண்டும். அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து உச்ச வரம்பு ரூ. 1,50,000. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. அதில் இவ்விரண்டும் முறையே 22, 123 என்ற எண்களில் உள்ளன.

தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்பதை நாமாக ஊகிக்கக்கூடாது. அதைப் பிரித்துக் காட்டுவதுதான் பாங்கின் சான்றிதழ். நமது பெரியவரின் மகன் 2025 மார்ச்சுக் கடைசியில், கட்டி முடிந்த வீட்டை வாங்க ரூ. 25,00,000 கடன் பெற்றார். வட்டி 8.5 சதவிகிதம், கெடு 20 ஆண்டு. ஓராண்டில் அவர் கட்டியது ரூ. 2,60,352. இதில் வட்டி ரூ. 2,10,591, அசல் ரூ. 49,761 மட்டுமே. தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும் பகுதி வட்டிக்கே போகும் என்பதை இதனால் காணலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு கூட்டல் கழித்தல்களால் அதைச் சோதிக்கலாம். வட்டியையும் அசலையும் கூட்டினால் ஏப்ரல் 1 முதல் மார்ச்சு 31 வரை கட்டிய தொகை வரவேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் நின்ற கடனிலிருந்து அசலைக் கழித்தால் மார்ச்சு 31இல் நிற்கும் பாக்கி வரவேண்டும். மேற்படி கணக்கில் அது ரூ. 24,50,239. இவை ஒத்துவராவிட்டால், இடையில் ஒரு தவணை தவறியிருக்கலாம்; வட்டி விகிதம் மாறியிருக்கலாம்; அல்லது அபராதம் முதலியவை கலந்திருக்கலாம். பாங்கில் கேட்டுத் தெளிந்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். தவணை தவறியிருந்தால் ஒரு வேறுபாட்டையும் நினைவிற்கொள்க. அந்த ஆண்டுக்குரிய வட்டி, கட்டப்படாமல் நின்றாலும் கழிவுக்குரியது. அசலோ, உண்மையில் கட்டியிருந்தால் மட்டுமே கழிவு பெறும்.

பாங்குகள் இரண்டு வகைச் சான்றிதழ் தருகின்றன. ஆண்டின் நடுவில் தருவது தற்காலிகச் சான்றிதழ். இனி வரவிருக்கும் தவணைகளும் ஒழுங்காகக் கட்டப்படும் என்ற மதிப்பீட்டில் அது எழுதப்படுகிறது. சம்பளம் தரும் அலுவலகத்தில் காட்டுவதற்கு அது போதும். மார்ச்சு முடிந்தபின் தருவதே இறுதிச் சான்றிதழ். ஜனவரியில் ஒருவர் ஒரு பெருந்தொகையைக் கடனில் முன்கூட்டிக் கட்டினால், தற்காலிகச் சான்றிதழின் இரு எண்களும் பொய்த்துப்போகும். ஆதலால் வருமான அறிக்கையை இறுதிச் சான்றிதழைக்கொண்டே நிரப்ப வேண்டும். அந்த அறிக்கையில் கடன் கொடுத்தவர் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச்சு 31இல் நின்ற பாக்கி ஆகியவற்றையும் கேட்கிறார்கள். இவ்வளவும் சான்றிதழில் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நலம்.

இனி, வரி எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுவே. இன்று வரி கணக்கிடப் பழைய முறை, புதிய முறை என இரண்டு உள்ளன. 2023–24 முதல், நாம் வேறாகக் கேட்டாலன்றிப் புதிய முறையே பொருந்தும். பழைய முறையில், தாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு ரூ. 2,00,000 வரை கழிவு உண்டு, அசலுக்கும் உண்டு. புதிய முறையில் அசலுக்குக் கழிவு இல்லை. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை மட்டும், அந்த வாடகை வருமானம் தீரும் அளவுக்குக் கழிக்கலாம். அதற்கு மேற்பட்ட நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

பெரியவரின் மகனுக்கு ஆண்டுச் சம்பளம் ரூ. 14,00,000. வீட்டின் கீழ்த்தளத்தில் குடும்பம் வசிக்கிறது. அதே பரப்புள்ள மேல்தளம் தனி வாயிலோடு கூடியது, மாதம் ரூ. 10,000 வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. எனவே வட்டியைச் சரிபாதியாக, தளத்துக்குச் சுமார் ரூ. 1,05,300 என்று பிரித்தோம். ஆண்டு வாடகை ரூ. 1,20,000. இதிலிருந்து, தாம்பரம் மாநகராட்சிக்கு அந்தத் தளத்துக்காகக் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு அதை இங்கே விட்டுவிடுகிறேன். பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கெனச் சட்டம் தரும் 30 சதவிகிதம் போக ரூ. 84,000 நிற்கும். மேல்தளத்து வட்டியைக் கழித்தால் ரூ. 21,300 நஷ்டம்.

பழைய முறைப்படி பார்ப்போம். சம்பளத்தில் நிலைக்கழிவு ரூ. 50,000, இரு தளங்களின் நஷ்டம் ரூ. 1,26,600, அசலும் பிராவிடண்டு நிதியும் முதலியன சேர்ந்து முழு ரூ. 1,50,000. இவை போக வரிக்குரிய வருமானம் ரூ. 10,73,400. வரி, கூடுதல் தீர்வை உட்பட, சுமார் ரூ. 1,39,900. புதிய முறையில் நிலைக்கழிவு ரூ. 75,000. வாடகை வருமானம் வட்டியால் தீர்ந்து பூஜ்யம் ஆகிறது. மிஞ்சிய நஷ்டம் பயன்படாது. வரிக்குரிய வருமானம் ரூ. 13,25,000. வரியோ ரூ. 81,900தான். எல்லாக் கழிவுகளையும் கேட்டுப் பெற்ற பழைய முறையைவிட, அவற்றைத் துறந்த புதிய முறையில் ஏறக்குறைய ரூ. 58,000 குறைவு. பெரியவர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் இந்தச் சான்றிதழ் எதற்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். விடை மேல்தளத்தில் இருக்கிறது. வட்டிக்கு ஆதாரம் இல்லாமற்போனால் வாடகையில் நின்ற ரூ. 84,000 முழுவதும் வருமானத்தில் சேரும். அவர் இருக்கும் 15 சதவிகிதப் படியில், தீர்வையோடு, அதற்கு வரி ரூ. 13,104. அந்தத் தொகையைக் காப்பது அந்தச் சான்றிதழ். மேல்தளம் வாடகைக்கு விடப்படாமல் இருந்தால், புதிய முறையில் சான்றிதழால் அவருக்கு இந்த ஆண்டு வரிப் பயன் ஏதும் இல்லை. சம்பளம் ரூ. 12,75,000க்கு மேற்படாமலும் வேறு வருமானம் இல்லாமலும் இருப்பவருக்குப் புதிய முறையில் வரியே கிடையாது. அவரும் இதற்காக அலைய வேண்டியதில்லை. மற்றவர்கள் ஆண்டுதோறும் இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடுத் தேதிக்குள் அறிக்கை தந்தால், ஒவ்வோராண்டும் விரும்பிய முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

வீட்டைக் கட்டிக்கொண்டிருப்போர் பழைய ஆண்டுகளின் சான்றிதழ்களை எறிந்துவிடக்கூடாது. வேலை முடியுமுன் கழிவு கிடையாது. ஆனால், முடிந்த நிதியாண்டுக்கு முந்திய மார்ச்சு 31 வரையில் செலுத்த வேண்டியிருந்த வட்டி முழுவதையும் கூட்டி, முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம பாகமாகக் கழிக்கலாம். 2023 ஜூனில் கடன் பெற்று 2025 டிசம்பரில் வீடு முடிந்தால், 2025 மார்ச்சு 31 வரையுள்ள வட்டியே அவ்விதம் கூட்டப்படும். அதற்கு அந்த இரண்டு ஆண்டுகளின் சான்றிதழ்களும் வேண்டும். கடன் பெற்ற நிதியாண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்குரிய ரூ. 2,00,000 வரம்பு ரூ. 30,000 ஆகச் சுருங்கிவிடும்.

இருவர் பெயரில் கடன் இருந்தால், பாங்கு மொத்தத் தொகைக்கே சான்றிதழ் தரும். கடனிலும் கிரயப் பத்திரத்திலும் பெயருள்ளவர்கள் தத்தம் பங்குக்குக் கழிவு கேட்கலாம். மகனின் கடனுக்காகக் கையெழுத்திட்ட தந்தைக்குப் பத்திரத்தில் பெயர் இல்லையானால் கழிவு இல்லை.

கடைசியாக, நம் சங்கங்களைப் பற்றி ஒரு சொல். வட்டிக்குரிய கழிவு யாரிடம் கடன் பெற்றாலும் உண்டு. அசலுக்குரிய கழிவு அப்படியன்று. கூட்டுறவு பாங்கு, வீடு கட்டக் கடன் வழங்கும் தொழிலையுடைய கூட்டுறவுச் சங்கம் முதலிய, சட்டம் எடுத்துக்கூறிய இடங்களில் பெற்ற கடனுக்கே அது பொருந்தும். உறவினரிடம் வாங்கிய கைமாற்றுக்குப் பொருந்தாது. அங்கத்தினராக உள்ள சங்கம் ஒதுக்கிய வீட்டின் விலைக்காக அச்சங்கத்துக்குச் செலுத்தும் தவணையும் 80சி பிரிவில் சேரும்.

குடியிருக்கும் வீட்டுக்கு ரூ. 2,00,000 கழிவு கேட்பவரிடம், வட்டி பெறவேண்டியவரின் சான்றிதழ் இருக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. பாங்குக்கு உள்ள இந்தக் கடமை கடன் கொடுத்த சங்கத்துக்கும் உண்டு. ஆகவே காரியதரிசிகள், ஏப்ரல் மாதம் பேரேட்டை முடிக்கும்போதே, வீட்டுக் கடன் பெற்ற ஒவ்வோர் அங்கத்தினருக்கும் வட்டி, அசல், மார்ச்சு 31இல் நின்ற பாக்கி ஆகிய மூன்று தொகைகளையும் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஜூலையில் அங்கத்தினர் அவசரமாக வந்து நிற்கும்போது தேடி எழுதும் சான்றிதழில்தான் அசல் வட்டியாகவும், வட்டி அசலாகவும் மாறிவிடுவதைத் தணிக்கையில் கண்டிருக்கிறேன்.