பரோக், கிளாசிக்கல்: வினாத்தாளுக்கு விடை இசைக்குள்ளேயே இருக்கிறது

“பரோக், கிளாசிக்கல் பாணிகளை ஒப்பிடுக” என்பது மேலைத்தேய சங்கீதப் பரீட்சைக்குப் பழகிய வினா. காலத்தையும் இசையமைப்பாளர் பெயர்களையும் நிரப்பிவிட்டு வருவோரே அதிகம். ஆனால் வினா கேட்பது காதுக்குப் புலப்படும் வேறுபாட்டை. அதற்கு இரண்டு படைப்புகள் போதும்: பாக் 1723இல் தொகுத்த இருகுரல் இன்வென்ஷன்களில் முதலாவது, ஹைடன் 1791இல் எழுதிய 94ஆம் சிம்பனியின் இரண்டாம் பகுதி.

முதலில் இழையமைப்பு. பாக்கின் படைப்பில் வலக்கை ஒரு சிறு இசைக்கருவைத் தொடங்குகிறது. அரைப் பார் கழிந்ததும் இடக்கை அதையே ஓர் எட்டமம் கீழே வாசிக்கிறது. அப்போதும் வலக்கை ஓய்வதில்லை. தனக்கென வேறொரு வரியை வாசிக்கிறது. இரண்டு கைகளும் சம உரிமை உள்ள குரல்கள். இதுவே பொலிபொனி. ஹைடனிடமோ மெட்டு முதல் வயலின்களுக்குரியது, மற்ற வாத்தியங்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. இது ஹோமோபொனி.

அடுத்தது இசைத்தொடர். பாக்கின் கரு மீண்டும் மீண்டும் இடம்மாறிச் சுழல்கிறது. ஏழாம் பாரின் தொடக்கத்தில்தான் முதல் தெளிவான நிறுத்தம் வருகிறது. அதற்குமுன் மூச்சுவிட இடமில்லை. ஹைடனின் மெட்டு நான்கு பார், பின்பு நான்கு பார் எனச் சமமாக நிற்கிறது. இரண்டாவது தொடர் முதலாவதைப் போலவே தொடங்கி, வேறு விதமாக முடிகிறது. முடியும் இடத்தை முன்கூட்டியே ஊகிக்கலாம்.

அந்த ஊகத்தை வைத்துத்தான் ஹைடன் ஒலியளவில் விளையாடுகிறார். எட்டுப் பார்கள் மென்மையாக ஒலிக்கின்றன. அவையே மீண்டும் வரும்போது இன்னும் மென்மையாகின்றன. 16ஆம் பாரில் முழு இசைக்குழுவும் திடீரென மிகப் பலமாக ஒரு நாதம் எழுப்புகிறது. பாக்கின் இன்வென்ஷனில் ஒலியளவுக் குறி எதுவும் எழுதப்படவில்லை. ஹாப்சிக்கோட்டில் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி பெரிதாக மாறாது. பரோக் இசையில் பலமும் மென்மையும் பெரும்பாலும் தனித்தனிப் படிகளாகச் சட்டென மாறி நிற்கும். விவால்டியின் ‘வசந்தம்’ தொடக்கத்தில் ஒரே தொடர் முதலில் பலமாகவும், உடனே எதிரொலிபோல மென்மையாகவும் வருவதைக் கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. “பரோக்கில் ஒலியளவு மாற்றமே இல்லை”, “கிளாசிக்கலில் பொலிபொனி இல்லை” என்று எழுதினால் புள்ளி குறையும். மொசார்ட் 1788இல் எழுதிய ‘ஜுப்பிட்டர்’ சிம்பனியின் இறுதிப் பகுதியில் பல குரல்கள் பின்னிச் செல்கின்றன. எனவே “பெரும்பாலும்” என்ற சொல் விடைக்கு அவசியம்.

எழுதும்போது பாக்குக்கு ஒரு பக்கம், ஹைடனுக்கு ஒரு பக்கம் எனப் பிரிக்காதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு விவரணங்கள் கிடைக்கும், ஒப்பீடு கிடைக்காது. இழையமைப்பு, இசைத்தொடர், ஒலியளவு என மூன்று பந்திகளாக்கி, ஒவ்வொன்றிலும் இருவரையும் பார் இலக்கத்தோடு எதிரெதிரே நிறுத்துங்கள்.