37 சதவீதமா, 12 சதவீதமா?

மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. ஐந்து வருடம் ஓடிவிட்டது. செல்போன் ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டே எண்கள்: போட்ட பணம் 3,00,000, இன்றைய மதிப்பு 4,12,000. லாபம் 37 சதவீதம். அதை ஐந்தால் வகுத்து, "வருடத்துக்கு ஏழரைதானா? வங்கி டெபாசிட்டே போதுமே!" என்று திட்டத்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

அது பெரிய தவறு. முதல் 5,000 மட்டுமே ஐந்து வருடம் உழைத்தது. கடைசித் தவணைக்கு வயது ஒரு மாதம்தான். சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் உள்ளே இருந்தது இரண்டரை வருடம். எக்செல்லில் இப்படித் தட்டினால் உண்மை தெரியும்:

```
=(1+RATE(60,-5000,0,412000,1))^12-1
```

விடை ஏறத்தாழ 12.6 சதவீதம்.

ஆனால் முதலில் 60 தவணையும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தில் போட்ட பணம் 2,85,000 என்றிருந்தால், மூன்று தவணை விட்டுப்போயிருக்கலாம். நடுவில் கொஞ்சம் பணம் எடுத்திருக்கவும் கூடும். எது என்று படம் சொல்லாது. அப்போது முழு ஸ்டேட்மென்ட்டை வரவழைத்து, ஒவ்வொரு தேதியையும் தொகையையும் XIRR சூத்திரத்தில் கொடுப்பதே வழி. போட்டது மைனஸ், எடுத்ததும் இன்றைய மதிப்பும் ப்ளஸ்.