முதுமை மருத்துவம் – 11: பாட்டிக்கு எவ்வளவு மருந்து?

“இந்த வயசுல இவங்க தாங்குவாங்களா?” தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வயதானவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ தனியார் மருத்துவமனைக்கோ அழைத்து வரும் குடும்பங்கள், புற்றுநோய் என்றதும் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் பிழை இல்லை. பதில் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பிழை. பெரும்பாலும் பிறந்த ஆண்டும், நோயாளி அறைக்குள் நடந்து வந்த தோற்றமும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிடுகின்றன. எண்பது வயதிலும் வயலுக்குப் போய் வருகிற ஒருவருக்கு, வயதைச் சொல்லியே தேவையான சிகிச்சை மறுக்கப்படுகிறது. அறுபத்தெட்டு வயதில் ஓய்ந்துபோன ஒருவருக்கோ இளைஞருக்குரிய அளவில் மருந்து ஏறுகிறது. முதியோர் மதிப்பீடு என்று மருத்துவம் சொல்லும் சோதனை இந்த இரண்டு தவறுகளையும் தடுக்கக்கூடியது. ஆகவே மருந்தின் அளவை முடிவு செய்வதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்பது இந்த வாரத்து வாதம்.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றியே குடும்பத்தைக் கரையேற்றிய பெண்மணி, வயது 76. இரைப்பையில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ஆயுளைச் சில மாதங்கள் நீட்டி, வேதனையைக் குறைக்கக் கீமோதெரபி உதவக்கூடும். ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 1.0 என்றிருக்கிறது. ஆய்வகம் அதற்கு எதிரே ‘இயல்பு’ என்று அச்சிட்டிருக்கிறது. சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று மகன் நிம்மதி அடைவார். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 42 கிலோ எடையுள்ள உடம்பில் தசையே குறைவு. சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் ரத்தத்தில் அந்த எண் ஏறாது. அதனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கிய எண்ணால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால், நிமிடத்துக்குச் சுமார் 32 மில்லிலிட்டர் வருகிறது. இந்தப் புற்றுக்கு வழக்கமாகத் தரும் கேப்பசிட்டபின் மாத்திரையை 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது. 30 முதல் 50 வரை முக்கால் பங்காகக் குறைக்க வேண்டும். ‘இயல்பு’ என்று வந்த தாள் உண்மையில் விளிம்பில் நிற்கும் ஒருவரைக் காட்டியிருக்கிறது.

மதிப்பீட்டின் மற்ற கேள்விகள் இன்னும் எளியவை. ஆறு மாதத்தில் விழுந்தீர்களா? இரண்டு முறை. எடை? 48-லிருந்து 42. என்னென்ன மாத்திரைகள்? ஏழு, அவற்றில் ஒன்று மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கியது, ஒன்று சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாகத் தொடரும் கிளிபென்கிளமைடு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? பன்னிரண்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்; இவருக்கு இருபதுக்கு மேல். வீட்டில் யார்? மகன் திருப்பூரில், பாட்டி தனியாக. இந்தப் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சங்கிலி தெரியும். கிளிபென்கிளமைடு தளர்ந்த சிறுநீரகத்தில் தேங்கி, சாப்பாடு குறைந்த உடம்பில் சர்க்கரையைத் தாழ்த்தும். இவர் விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வலி மாத்திரை சிறுநீரகத்தை மேலும் தளர்த்தும். கீமோவால் வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பு வறண்டு சிறுநீரகத்தின் வேலை இன்னும் குறையும். மருந்து வெளியேறாமல் நின்று வயிற்றுப்போக்கைப் பெருக்கும். தனியாக இருப்பவர் மூன்றாம் நாள்தான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவார். ஆகவே முதல் வேலை கீமோ அல்ல. இரண்டு மாத்திரைகளை நிறுத்துவது அல்லது மாற்றுவது, சாப்பாட்டைச் சீர்செய்வது, முதல் சுற்று முடியும்வரை மகனையோ உறவினரையோ வீட்டில் இருக்கச் செய்வது.

பிறகுதான் அளவு. இதற்கு நேரடியான சான்று இருக்கிறது. பிரிட்டனில் 2014 முதல் நடந்த ஓர் ஆய்வில், இதே வகைப் புற்று முற்றிய நிலையில், முழு வீரியச் சிகிச்சையைத் தாங்கமாட்டார்கள் எனக் கருதப்பட்ட 514 பேரைச் சேர்த்தார்கள். ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் கேப்பசிட்டபினும் ஒரு பிரிவுக்கு முழு அளவில், ஒரு பிரிவுக்கு 80 சதவீதம், இன்னொரு பிரிவுக்கு 60 சதவீதம். நோய் கட்டுக்குள் இருந்த காலத்தில் 60 சதவீதப் பிரிவு பின்தங்கவில்லை. பக்கவிளைவு குறைவு, நோயாளிகள் சொன்ன பயன் அதிகம். எந்த வகை நோயாளிக்கும் முழு அளவால் தெளிவான லாபம் கிடைத்ததாகத் தெரியவில்லை. நம் பாட்டிக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆக்சாலிபிளாட்டின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். கேப்பசிட்டபின் உள்ளங்கைத் தோலை உரிக்கும். இன்றும் நாளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றித் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு விரல்கள் போவது சிறிய பக்கவிளைவு அல்ல. அவரிடம் இதைக் கேட்காமல் மகனிடம் மட்டும் பேசி முடிப்பது நம் ஊர் வழக்கம். நோயின் பெயரையே மறைத்துவிட்டால் அவருடைய விருப்பத்தைக் கேட்பது எப்படி?

“அளவைக் குறைத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? வயதானவர்களுக்குச் செலவழிக்க மனமில்லாமல் செய்கிற ஏற்பாடு இது” என்று ஒரு மறுப்பு எழும். இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் வயதை மட்டும் வைத்து மறுப்பதுதான் உண்மையான கைவிடல். மதிப்பீடு இரு பக்கமும் பேசும். எண்பது வயதுக்காரர் தேறினால் முழுச் சிகிச்சைக்கு அதுவே ஆதாரம். 65 வயதைக் கடந்த 500 நோயாளிகளைத் தொடர்ந்து, 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், விழுதல், காது கேட்பது, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வது போன்றவற்றைச் சேர்த்த மதிப்பெண், கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பை 30 சதவீதத்திலிருந்து 83 சதவீதம்வரை பிரித்துக் காட்டியது. மருத்துவர்கள் பார்வையால் இடும் வழக்கமான மதிப்பெண்ணால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. மேலும் 60 சதவீதத்தில் தொடங்குவது கடைசி முடிவு அல்ல. முதல் சுற்றைத் தாங்கி, எடை நின்று, நடை தேறினால் ஏற்றலாம். முழு அளவில் தொடங்கிப் படுக்கையில் விழுந்தவரை எழுப்புவது அவ்வளவு எளிதல்ல.

இன்னொரு மறுப்பு வலுவானது: இதனால் ஆயுள் கூடுமா? கூடும் என்று சொல்ல முடியாது. 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 70 வயதைக் கடந்த, குணப்படுத்த முடியாத புற்றுள்ள 718 பேரில் மதிப்பீட்டு அறிக்கை மருத்துவர் கைக்குப் போனவர்களில் 51 சதவீதத்தினருக்குக் கடும் பக்கவிளைவு வந்தது. போகாதவர்களில் 71 சதவீதம். விழுந்தவர்களும் குறைவு. உயிர் பிழைத்த காலத்தில் வித்தியாசம் இல்லை. என் கணக்கில் இதுவே போதுமான வெற்றி: அதே காலம், குறைந்த துன்பம். மதிப்பீட்டைப் பெரிய மருந்தாக விற்பவர்களை நம்ப வேண்டாம்.

கருவிகளிலும் குறை உண்டு. கடிகாரம் வரையச் சொல்லும் நினைவாற்றல் சோதனை, எழுத்தறியாத ஒருவரை மறதிக்காரராக்கிவிடும். அங்கே வீட்டாரிடம் பணம் எண்ணுவதையும் வழி தவறுவதையும் விசாரிப்பதே நல்லது. நேரமில்லை என்பதற்கு மட்டும் நான் இளகமாட்டேன். எட்டுக் கேள்விகள் கொண்ட சல்லடைச் சோதனை ஐந்து நிமிடம், செவிலியரே செய்யலாம். 17-க்கு 14 அல்லது அதற்குக் கீழே எடுப்பவர்களுக்கு மட்டும் முழு மதிப்பீடு. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் புறநோயாளர் பிரிவு 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில், டாக்டர் வ.செ.நடராசன் முயற்சியில் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் முறைகள் புற்றுநோய்ப் பிரிவு வாசலுக்கு வராமலிருக்க எந்தக் காரணமும் இல்லை.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது இருக்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆறு மாதத்துக்கு முந்திய எடையையும், விழுந்த கணக்கையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் தாளைக் காட்டி, “வயசையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் பாத்தீங்களா டாக்டர்?” என்று கேளுங்கள்.