துண்டுக்கு ஏன் பில் போட முடியவில்லை?

நான் கணக்கு மென்பொருளைப் பராமரித்துவந்த ஒரு துணிக்கடையில், பண்டிகை நேரத்து மாலையில் பில் கவுன்டர்கள் ஆறும் ஒன்றாக நின்றுபோயின. புடவைகளுக்குத் தள்ளுபடி விலையை ஏற்றும் வேலையை அப்போதுதான் உள்ளே ஓடவிட்டிருந்தார்கள். புடவைக்கு பில் நின்றிருந்தால் காரணம் உடனே புரிந்திருக்கும். ஆனால் தள்ளுபடிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் நாலு நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார். அந்தத் துண்டின் கணக்கை யாரும் தொடவே இல்லை. பிறகு ஏன் அதுவும் மாட்டிக்கொண்டது?

கடையின் சரக்கு முழுவதும் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையில் இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரு வரிசை என்று சுமார் 80,000 வரிசைகள். துண்டு ஒன்று விற்றால் அந்த வரிசையில் இருப்பைக் குறைக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு கவுன்டர் அதே வரிசையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத் தரவுத்தளம் அதன்மேல் X என்ற பூட்டைப் போடும். தனக்கு மட்டும், வேறு யாருக்கும் இல்லை என்று பொருள். வேலை முடிந்து டிரான்சாக்ஷன் உறுதியானதும் பூட்டு விலகும்.

பூட்டை எந்த அளவுக்குப் போடுவது என்பதுதான் முதல் கேள்வி. வரிசைக்கு வரிசை பூட்டினால் ஆறு கவுன்டரும் ஆறு பொருளை ஒரே நேரத்தில் விற்கலாம். ஆனால் ஒவ்வொரு பூட்டுக்கும் நினைவகம் வேண்டும். இந்தக் கடை பயன்படுத்திய எஸ்கியூஎல் சர்வரில் ஒரு பூட்டுக்குச் சுமார் 100 பைட். பத்து லட்சம் வரிசையைப் பூட்டினால் 100 எம்பி பூட்டுக்கே போய்விடும். அட்டவணை முழுவதற்கும் ஒரே பூட்டு என்றால் செலவே இல்லை. ஆனால் ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்ற எல்லாரும் வெளியே. சின்ன வேலைக்குச் சின்னப் பூட்டு, பெரிய வேலைக்குப் பெரிய பூட்டு என்று இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதுதான் வழி.

அங்கேதான் சிக்கல் வருகிறது. ஒருவர் அட்டவணை முழுவதையும் பூட்ட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எந்த வரிசையிலாவது யாராவது பூட்டு வைத்திருக்கிறார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? 80,000 வரிசையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அறுபதாயிரமாவது வரிசைக்கு அவர் வந்து சேர்வதற்குள் பத்தாவது வரிசையில் புதிதாக ஒருவர் பூட்டுப் போட்டிருப்பார். அந்தத் தேடல் முடிவதே இல்லை.

1975இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, ஜான்ஃபிராங்கோ புட்ஸோலு மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விடை சொன்னது. வரிசையைப் பூட்டப் போகிறவர் முதலில் மேலே, அட்டவணையின்மேல், ‘கீழே ஏதோ ஒன்றைப் பூட்டப் போகிறேன்’ என்று ஓர் அடையாளம் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதற்குப் பெயர் இன்டென்ஷன் லாக். எண்ணப் பூட்டு என்று சொல்லலாம். கீழே மாற்றப் போகிறவர் IX வைப்பார், படிப்பதற்காகப் பூட்டுபவர் IS வைப்பார். போடும்போது மேலிருந்து கீழே, எடுக்கும்போது கீழிருந்து மேலே. எஸ்கியூஎல் சர்வரில் இடையில் இன்னொரு படியும் உண்டு: வரிசைகள் தங்கியிருக்கும் 8 கேபி அளவுள்ள பக்கம். துண்டுக்கு பில் போடும்போது அட்டவணையில் IX, பக்கத்தில் IX, துண்டின் வரிசையில் X என மூன்று பூட்டுகள் விழும். இப்போது அட்டவணை முழுவதையும் கேட்டு வருபவர் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. மேலே IX இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, IXக்கும் IXக்கும் சண்டை இல்லை என்பது. ஆறு கவுன்டரும் ஒரே அட்டவணையில் ஆறு IX வைக்கலாம். ‘நான் எதையோ மாற்றப் போகிறேன்’ என்பது மட்டும்தான் அந்த அடையாளத்தின் பொருள். இருவரும் ஒரே வரிசையைத் தொட்டால்தான் தகராறு, அதை வரிசையின் X பூட்டே தீர்த்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் இருப்புக் கணக்கெடுக்க அட்டவணை முழுவதையும் S என்று படிப்புப் பூட்டில் வைத்திருந்தால், IX உள்ளே வர முடியாது. எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு வரிசை மாறினாலும் கணக்கு தப்பாகிவிடும். IS மட்டும் அவரோடு ஒத்துப்போகும். அட்டவணையின்மேல் X விழுந்துவிட்டாலோ IS, IX இரண்டுக்குமே இடமில்லை.

துண்டுக்கு வருவோம். தள்ளுபடி வேலை 12,000 புடவை வரிசைகளை மாற்ற வேண்டியிருந்தது. அதுவும் ஒழுங்காக மேலே IX வைத்துவிட்டு, வரிசை வரிசையாக X போட்டுக்கொண்டேதான் போனது. ஒரே கட்டளை ஒரு அட்டவணையில் 5000 பூட்டைத் தொட்டதும் எஸ்கியூஎல் சர்வர் நினைவகத்தை மிச்சப்படுத்தப் பார்க்கும்: சின்னப் பூட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு, தன் IXஐ அட்டவணை முழுவதற்குமான Xஆக உயர்த்த முயலும். இதை லாக் எஸ்கலேஷன் என்பார்கள். வேறு யாராவது அங்கே IX வைத்திருந்தால் அந்த முயற்சி பலிக்காது. அது காத்திருக்காமல் வரிசைப் பூட்டுகளோடு தொடர்ந்து போய், மேலும் 1250 பூட்டு சேர்ந்ததும் மறுபடி முயலும். ஒரு பில்லின் IX சில மில்லி செகண்டுதான் இருக்கும். ஆறு கவுன்டரும் எதுவும் வைத்திராத ஒரு கண இடைவெளி கிடைத்தது, X விழுந்துவிட்டது. அதன்பிறகு துண்டு விற்க IX கேட்ட கவுன்டர் வாசலிலேயே நின்றது. துண்டின் வரிசை காலியாக இருப்பது அதற்கு ஒரு பயனும் தரவில்லை.

விலையை மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் அதை எழுதியவர் அதே டிரான்சாக்ஷனுக்குள் புது விலைச்சீட்டுகள் தயாரிக்கும் வேலையையும் சேர்த்துவிட்டிருந்தார். நாலு நிமிஷம் அதில்தான் போயிற்று. அந்த நேரத்தில் இதை ஓட்டிப் பார்த்தேன்:

```sql
SELECT request_session_id, resource_type,
       request_mode, request_status
FROM sys.dm_tran_locks;
```

`OBJECT` என்ற வகையில் ஒரு செஷனுக்கு `X`, `GRANT`. மற்ற ஆறுக்கும் `IX`, `WAIT`. இந்தக் கோலத்தைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரே பொருளுக்காக மோதியிருந்தால் `WAIT` என்பது `KEY` வகையில் வந்திருக்கும்.

அட்டவணைக்கு எஸ்கலேஷனையே நிறுத்திவைக்கவும் ஒரு அமைப்பு உண்டு. நான் அதைத் தொடவில்லை. பிற்பாடு யாராவது லட்சக்கணக்கான வரிசைகளை மாற்றும் நாளில் நினைவகம் திணறும். விலைச்சீட்டு வேலையை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுத்துவிட்டு, விலை மாற்றத்தை 5000க்கு நன்றாகக் கீழே இருக்கும்படி துண்டுதுண்டாக உடைத்தேன். ஒவ்வொரு தவணையும் தனி டிரான்சாக்ஷன், மாற்ற வரிசை இல்லாமல் போகும்வரை:

```sql
UPDATE TOP (2000) stock
SET price = price * 0.8, offer_done = 1
WHERE category = 'SAREE' AND offer_done = 0;
```

இதற்கு ஒரு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். முன்பு எல்லாப் புடவையும் மாறும், அல்லது ஒன்றும் மாறாது. இப்போது சில நொடிகளுக்குப் பாதிப் புடவை புது விலையிலும் பாதி பழைய விலையிலும் இருக்கும். நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். `offer_done` என்ற அந்தக் குறி அதற்காகத்தான். அது இல்லாமல் மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே குறைந்த புடவைக்கு இரண்டாம் முறையும் இருபது சதவீதம் குறையும். கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஓட்டிவிடுவோம் என்றார். அப்படியே செய்தோம்.

அடுத்த தள்ளுபடி அன்று கொஞ்சம் தாமதமாகி, முதல் வாடிக்கையாளர்கள் வந்த பிறகும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. திரையில் `OBJECT` வரிகள் எல்லாமே `IX`, எல்லாமே `GRANT`.