மூக்கடைப்புக்கு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஏற்றம்

போன மழைக்காலத்தில் எங்கள் பெரியப்பாவுக்குச் சளி பிடித்தது. வயது 64. பத்து வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார்; அளவு 130/80-ஐ ஒட்டியே நிற்கும். தெருமுனை மருந்துக் கடையில் “மூக்கு அடைச்சிருக்கு, தும்மல், உடம்பு வலி” என்று சொல்லி ஒரு சளி மாத்திரை அட்டையும் ஒரு சிரப்பும் வாங்கி வந்தார். பி.பி. இருப்பதை அவரும் சொல்லவில்லை, கடையிலும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலை படபடப்பாக இருக்கிறது என்றார். வீட்டுக் கருவியில் பார்த்தால் 158/96.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாராசிட்டமால் 500 மி.கி., குளோர்பெனிரமைன் 2 மி.கி., காஃபீன் 30 மி.கி., ஃபீனைல்எஃப்ரின் 10 மி.கி. சிரப் பாட்டிலிலும் அதே ஃபீனைல்எஃப்ரின் இருந்தது. இரண்டையும் நாளைக்கு மூன்று வேளை எடுத்திருக்கிறார். ஒரே மருந்து இரண்டு பெயரில் அவர் உடம்புக்குள் போயிருக்கிறது.

மூக்கடைப்பு என்றால் சளி திரண்டு அடைப்பது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் மூக்கின் உட்சவ்வில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, சவ்வே வீங்கி, மூச்சு போகும் வழியைக் குறுக்கிவிடுகிறது. ஃபீனைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்ற அடைப்பு நீக்கிகள் அந்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஆனால் விழுங்கிய மாத்திரைக்கு மூக்கு எது, கை கால் எது என்று தெரியாது. ரத்தத்தில் கலந்தபின் உடம்பெங்கும் உள்ள குழாய்களையும் சுருக்கப் பார்க்கும். குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும். பி.பி. மாத்திரை குழாயைத் தளர்த்த, சளி மாத்திரை அதை இறுக்கும்.

எல்லோருக்கும் இப்படி எகிறிவிடாது. சூடோஎஃபெட்ரினைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மேல் அளவு சராசரியாக 1 புள்ளிதான் ஏறியிருந்தது. ஆனால் சராசரிக்குள் எதுவும் ஏறாதவர்களும் இருப்பார்கள், நிறைய ஏறியவர்களும் இருப்பார்கள். நாம் எந்தப் பக்கம் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களும், இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களும் இந்த இரண்டு அடைப்பு நீக்கிகளையும் தவிர்க்க வேண்டும். கட்டுக்குள் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஃபீனைல்எஃப்ரினில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாய்வழி விழுங்கும்போது அதன் பெரும்பகுதியைக் குடலும் ஈரலுமே சிதைத்துவிடுகின்றன. மூக்குக்குப் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. மாத்திரையாக விழுங்கும் ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு 2023-இல் முடிவு சொன்னது. 2024 நவம்பரில், அங்கீகரித்த சளி மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க அந்த நிர்வாகமே முன்மொழிந்தது. பலனே இல்லாத ஒன்றுக்காக பி.பி. உள்ளவர் எதற்குச் சிறு ஆபத்தையும் ஏற்க வேண்டும்?

அப்படியானால் எதை எடுப்பது? கூட்டு மாத்திரையை விட்டுவிட்டு, எந்தத் தொல்லை இருக்கிறதோ அதற்கு மட்டும் மருந்து எடுக்கலாம். காய்ச்சல், உடம்பு வலிக்கு வெறும் பாராசிட்டமாலைச் சில நாட்களுக்கு எடுக்கலாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பல பி.பி. மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும். தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்து அழுத்தத்தை ஏற்றாது. தூக்கம் மட்டும் வரலாம். மூக்கடைப்புக்கு, கடையில் கிடைக்கும் 0.65 சதவீத உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது. வேறு மருந்து எதுவும் கலக்காததா என்று பார்த்து வாங்கி, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மெல்லச் சிந்தினால் போதும்.

ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகளும் ரத்தக்குழாயைச் சுருக்குபவைதான். மூக்கிலேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலப்பது குறைவு, இருந்தாலும் பி.பி. உள்ளவர் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும், அதுவும் மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். தாண்டினால் சொட்டை நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். அதற்காக மறுபடி சொட்டைத் தேடுவோம்.

கைவைத்தியத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தில் கிளிசிரைசின் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை உயர்த்தும். சளி போன பிறகும் வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடவில்லையென்றால், பி.பி. மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளே இருமலைக் கொண்டுவரும். நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு அன்று மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, சளி மாத்திரையையும் சிரப்பையும் நிறுத்தினோம். பி.பி. மாத்திரை வழக்கம்போல் தொடர்ந்தது. மறுநாள் மாலை 134/82. அழுத்தம் 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் எதுவும் இருந்தால் வீட்டில் காத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது பெரியப்பா கடைக்குப் போனால் “எனக்கு பி.பி. இருக்கு” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள ஃபீனைல்எஃப்ரினைத் தேடுகிறார்.